சுழற்றாமல் பிரித்துக் கட்டும் மரம்

1, 2, 3, 4 என்று ஏறுவரிசையில் எண்களை ஒரு தேடல் மரத்துக்குள் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் மரம் மிஞ்சாது. நீளமாக ஒரு சங்கிலிதான் தொங்கும். நிரல் எழுதக் கற்றுக்கொள்பவர்கள் சீக்கிரமே எதிர்கொள்ளும் விபத்து இது.

தேடல் மரத்தின் விதி ரொம்ப எளிது. முதலில் வரும் எண் உச்சியில் உட்காரும். கணினிக்காரர்கள் மரத்தைத் தலைகீழாக வரைவதால் அந்த உச்சிக்குத்தான் வேர் என்று பெயர். அடுத்து வருகிற எண் அங்கே இருப்பதைவிடச் சிறியதானால் இடப்பக்கம் இறங்கும், பெரியதானால் வலப்பக்கம் இறங்கும். காலியிடம் கிடைக்கும்வரை ஒவ்வொரு படியிலும் இதே கேள்விதான். எண் உட்காரும் ஒவ்வோர் இடமும் ஒரு கணு. ஒரு கணுவையும் அதற்குக் கீழே தொங்கும் அத்தனையையும் சேர்த்து ஒரு கிளை என்று வைத்துக்கொள்ளலாம்.

தேடும்போதும் இதே பாதையில்தான் இறங்க வேண்டும். இருபக்கமும் சமமாகப் பகிர்ந்து அடுக்கிய மரமாக இருந்தால் ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பதைப் பாதியாக்கிவிடும். பத்து லட்சம் எண்களில் எதையும் இருபது கேள்விக்குள் பிடித்துவிடலாம். ஏறுவரிசையில் வந்த எண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எல்லாம் வலப்பக்கமே போய்ச் சேர்ந்திருக்கும். கடைசி எண்ணைத் தேட பத்து லட்சம் கணுக்களையும் ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். நடைமுறையில் வரும் தகவல்களோ பெரும்பாலும் வரிசையாகத்தான் வருகின்றன. ரசீது எண்ணும் பரிவர்த்தனை நேரமும் பதிவெண்ணும் கலைந்து வருவது அபூர்வம்.

இதற்கு முதல் மருந்து 1962இல் சோவியத் நாட்டிலிருந்து வந்தது. அதெல்சன்-வெல்ஸ்கி, லாண்டிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள், ஒவ்வொரு கணுவிலும் அதன் இருபக்க உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துவைத்தார்கள். வித்தியாசம் ஒன்றைத் தாண்டினால் அந்த இடத்தில் ஒரு சுழற்சி நடக்கும். கீழே இருக்கும் கணு மேலே வரும், மேலே இருந்தது அதன் பிள்ளையாகக் கீழே இறங்கும், நடுவில் தொங்கும் கிளை ஒன்று கை மாறும். இரண்டு மூன்று சுட்டிகளை மாற்றினால் வேலை முடிந்தது. சிறியது இடம், பெரியது வலம் என்ற ஒழுங்கும் கெடாது. பின்னால் வந்த சிவப்பு-கறுப்பு மரங்கள் உயரத்துக்குப் பதிலாக ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு நிறம் கொடுத்தன. அங்கேயும் கடைசியில் செய்வது சுழற்சிதான். ஜாவா மொழியில் ட்ரீமேப் என்ற அமைப்பைப் பயன்படுத்தும் நிரலாளர்கள், தெரிந்தோ தெரியாமலோ, இந்தச் சிவப்பு-கறுப்பு மரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்த மரங்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. அவை விழிப்பாகவே இருக்கும். ஒவ்வொரு கணுவும் தன் நிலைமையைப் பற்றி ஒரு குறிப்பை வைத்திருக்கும். ஒவ்வொரு எண் நுழையும்போதும் அந்தக் குறிப்பைச் சரிபார்த்துத் திருத்த வேண்டும். இந்தக் கண்காணிப்பு எதுவுமே வேண்டாம், மரம் தன் பாட்டுக்குச் சாயட்டும், எல்லை மீறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன?

1993 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த கணிநெறி மாநாட்டில் இகால் கால்பெரின், ரொனால்ட் ரிவெஸ்ட் என்ற இருவரின் கட்டுரை இதைத்தான் முன்வைத்தது. ரிவெஸ்ட் ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவர். ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையின் பெயரிலுள்ள ‘ஆர்’ அவர்தான். மரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பலிகடா மரம். இதே யோசனையை ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே ஆண்டர்சன் 1989லேயே வெளியிட்டிருந்தார். ஆனால் பெயர் நின்றது என்னவோ பலிகடாவுக்குத்தான்.

இந்த மரத்தின் கணுவில் எண்ணும், இடவலப் பிள்ளைகளுக்கான இரண்டு சுட்டிகளும் தவிர வேறொன்றும் இல்லை. உயரம், நிறம், எடை எதையும் எழுதிவைப்பதில்லை. மரம் முழுமைக்கும் சேர்த்து இரண்டே எண்கள் உண்டு. இப்போது எத்தனை கணுக்கள் இருக்கின்றன என்பது ஒன்று. மரத்தை முழுதாகக் கட்டியபின் அது எட்டிய உச்ச எண்ணிக்கை மற்றொன்று. இவ்வளவை வைத்துக்கொண்டு மரத்தை எப்படி அடக்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் சாய்வுக்கு ஒரு வரம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுரையில் அதன் பெயர் ஆல்ஃபா. பாதிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஏதாவதோர் எண்ணாக இருக்கலாம். பாடநூல்களில் வசதிக்காக மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்வது உண்டு. ஒரு கணுவின் ஏதாவதொரு பக்கத்தில், அதன் கிளையிலுள்ள மொத்தக் கணுக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குவிந்திருந்தால் அந்தக் கணு சாய்ந்துவிட்டது என்று பொருள். எல்லாக் கணுவும் இந்த வரம்புக்குள் இருந்தால் மரம் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் மூன்றில் ஒரு பங்காவது கழிந்துபோகும். ஆகவே 1.5ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போய், மொத்த எண்ணிக்கையைத் தாண்டாமல் எத்தனை முறை பெருக்க முடிகிறதோ அதுதான் அனுமதிக்கப்பட்ட ஆழம். பத்து லட்சம் கணுக்களுக்கு அது 34. ஆல்ஃபாவை 0.55 என்று இறுக்கினால் 23ஆகக் குறையும். 0.9 என்று தளர்த்தினால் 131 வரை போகும்.

புதிய எண் ஒன்று நுழையும்போது எத்தனை படி இறங்கினோம் என்பது இயல்பாகவே தெரியும், ஏனென்றால் நாம்தானே இறங்கி வந்தோம். அந்த ஆழம் அனுமதித்த அளவுக்குள் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். தாண்டிவிட்டால்தான் விசாரணை தொடங்கும். புதிய கணுவிலிருந்து வந்த வழியே மேலேறி, ஒவ்வொரு மூதாதையிடமும் ஒரு கேள்வி: நான் வந்த பக்கம் உன் கிளையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறதா? முதலில் ‘ஆம்’ என்று சொல்லும் கணுதான் பலிகடா. அந்தக் கிளையை அப்படியே பிரித்து, இருபக்கமும் சமமாக வரும்படி புதிதாகக் கட்டிவிடுவார்கள்.

சிறிய அளவில் இதை நடத்திப் பார்க்கலாம். ஆல்ஃபா மூன்றில் இரண்டு, வேரின் ஆழம் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு 1 முதல் 11 வரை ஏறுவரிசையில் செருகுவோம்.

1, 2, 3, 4 நால்வரும் ஒருவர் கீழ் ஒருவராகத் தொங்குகிறார்கள். நான்காவது கணுவின் ஆழம் 3. 1.5ஐ மூன்று முறை பெருக்கினால் 3.375, நான்குக்குள் அடங்குகிறது. ஆக, பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் சட்டப்படி தவறில்லை. 5 வந்ததும் அதன் ஆழம் 4. நான்கு முறை பெருக்கினால் 5.06. கணுக்களோ ஐந்துதான், ஆகவே வரம்பு மீறியாயிற்று.

மேலேறுகிறோம். 4இன் கிளையில் இரண்டு கணுக்கள், நாம் வந்த பக்கம் ஒன்று, பாதிதான், போகட்டும். 3இன் கிளையில் மூன்று, நாம் வந்த பக்கம் இரண்டு. சரியாக மூன்றில் இரண்டு பங்கு, தாண்டவில்லை. 2இன் கிளையில் நான்கு, நாம் வந்த பக்கம் மூன்று. முக்கால் பங்கு. பிடிபட்டது 2.

2, 3, 4, 5 நான்கையும் பிரித்து, நடுவிலுள்ள 4ஐ மேலே வைக்கிறோம். அதன் இடப்பக்கம் 3, அதற்கு இடப்பக்கம் 2, வலப்பக்கம் 5. இந்தக் கிளை முழுதும் முன்போலவே 1இன் வலப்பக்கம் தொங்குகிறது. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். 1இன் கிளையில் ஐந்து கணுக்கள், அதில் நான்கு வலப்பக்கம். ஐந்தில் நான்கு பங்கு. பிடிபட்ட 2ஐவிட மோசமான சாய்வு. ஆனாலும் விசாரணை அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே ஆள் கிடைத்துவிட்டதால் 1 தப்பித்துக்கொண்டது. மரம் அழகாக இருக்க வேண்டும் என்பது இங்கே நோக்கமே இல்லை. ஆழம் வரம்புக்குள் வந்தால் போதும்.

6, 7, 8 மூன்றும் சத்தமில்லாமல் நுழைகின்றன. 8இன் ஆழம் 5. ஐந்து முறை பெருக்கினால் 7.59, எட்டுக்குள் இருக்கிறது. 9 வரும்போது ஆழம் 6; ஆறு முறை பெருக்கினால் 11.39, ஒன்பதைத் தாண்டுகிறது. மீண்டும் ஏற்றம். 8, 7 இரண்டும் தப்புகின்றன, நான்கு கணுக்களில் மூன்றை ஒரு பக்கம் வைத்திருக்கும் 6 மாட்டிக்கொள்கிறது. 6 முதல் 9 வரை நான்கும் புதிதாக அடுக்கப்பட்டு, தலையில் 8 உட்காருகிறது.

10 சிக்கலில்லாமல் நுழைகிறது. 11 ஆறாவது ஆழத்துக்குப் போய்விடுகிறது, கணுக்களோ பதினொன்று, 11.39க்கு மயிரிழை குறைவு. இந்த முறை விசாரணை உயரம் வரை போகிறது. 10 பாதி, 9 சரியாக மூன்றில் இரண்டு, 8இன் ஆறு கணுக்களில் மூன்று, மூன்றும் நிரபராதிகள். அதற்கு மேலிருக்கும் 5இன் கிளையில் ஏழு கணுக்கள், ஆறும் வலப்பக்கம். 5 முதல் 11 வரை ஏழையும் பிரித்துக் கட்டினால் 8 தலையில், இருபக்கமும் 6, 10, அவற்றின் கீழே 5, 7, 9, 11 என்று குறையில்லாத ஒரு கிளை கிடைக்கிறது. பதினோரு செருகல்களில் மூன்று முறை கட்டுமானம். அடுக்கிய கணுக்கள் மொத்தம் பதினைந்து. வேரில் இன்னும் அதே 1, இடப்பக்கம் ஒரு பிள்ளைகூட இல்லாமல், பத்துப் பேரை வலத்தோளில் சுமந்துகொண்டு நிற்கிறது.

மேலேறிப் போய்ப் பலிகடா யாரும் கிடைக்காமல் வேரையும் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்ற சந்தேகம் வரலாம். அது நடக்காது. பாதையிலுள்ள எல்லாக் கணுவும் வரம்புக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படி இறங்கும்போதும் கிளையின் அளவு முந்தையதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. வரம்பு மீறிய ஆழத்துக்கு இறங்கும்போது அந்த அளவு ஒன்றுக்கும் கீழே போயிருக்க வேண்டும். ஆனால் அங்கே நம் புதிய கணு ஒன்று முழுசாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வழியில் எங்கோ ஒருவராவது விதியை மீறியிருக்கத்தான் வேண்டும்.

கணுக்களில் அளவை எழுதிவைக்கவில்லையே, எண்ணுவதற்கே நேரமாகுமே என்றால், ஆகத்தான் செய்யும். ஆனால் நினைப்பதைவிடக் குறைவு. ஏறி வந்த பக்கத்தின் எண்ணிக்கை கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் மறுபக்கத்தை மட்டும் எண்ணிச் சேர்த்தால் போதும். பலிகடாவை அடையும்போது அதன் கிளையிலுள்ள ஒவ்வொரு கணுவையும் ஒரே ஒருமுறை எண்ணியிருப்போம். எப்படியும் அந்தக் கிளையைப் பிரித்து அடுக்கத்தானே போகிறோம். எண்ணும் செலவு அந்தச் செலவோடு கரைந்துவிடும். பெற்றோரைக் காட்டும் சுட்டியும் கணுவில் தேவையில்லை, இறங்கி வந்த பாதையை நிரல் ஞாபகம் வைத்திருந்தால் போதும்.

பிரித்துக் கட்டுவதிலும் மர்மம் இல்லை. இடப்பக்கம், தான், வலப்பக்கம் என்ற முறையில் கிளையைச் சுற்றி வந்தால் எண்கள் ஏறுவரிசையிலேயே கையில் கிடைக்கும். தனியாக வரிசைப்படுத்த வேண்டியதில்லை. நடு எண்ணைத் தலையாக்கி, இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் அதையே திரும்பச் செய்தால் கிளை தயார். கணுக்கள் எத்தனையோ அத்தனை வேலை, அதற்கு மேல் இல்லை.

ஆனாலும் ஒரு கேள்வி உறுத்தும். சுழற்சி என்றால் இரண்டு மூன்று சுட்டிகள். இங்கே ஆயிரக்கணக்கான கணுக்களைக் கலைத்து அடுக்க வேண்டியிருக்கிறதே, இது எப்படிக் கட்டுப்படியாகும்?

999 கணுக்கள் உள்ள ஒரு கிளையை இப்போதுதான் கட்டி முடித்தோம் என்று வைத்துக்கொள்வோம். தலையில் ஒன்று, இடப்பக்கம் 499, வலப்பக்கம் 499. இனி வரும் எண்கள் எல்லாம் வேண்டுமென்றே வலப்பக்கமே விழுகின்றன. இந்தத் தலை மறுபடி பலிகடாவாக வேண்டுமானால் வலப்பக்கம் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டும். அதாவது இடப்பக்கமும் தலையும் சேர்ந்த 500இன் இரு மடங்கைத் தாண்ட வேண்டும். வலப்பக்கம் 1001 ஆகும்போதுதான் அது நடக்கும். அதற்குள் 502 செருகல்கள் நடந்திருக்கும். அப்போது பிரித்துக் கட்ட வேண்டியது 1501 கணுக்கள். 502 பேர் தலைக்கு மூன்று என்று உண்டியலில் போட்டு வந்திருந்தால் கட்டும் செலவுக்குச் சரியாக இருக்கும். ஒவ்வொரு புதிய எண்ணும் தன் பாதையிலுள்ள ஒவ்வொரு மூதாதைக்கும் இப்படிச் சிறு தொகை கட்ட வேண்டும். பாதையின் நீளமோ பத்து லட்சம் கணுக்களுக்கே 34க்குள் அடங்குகிறது. மொத்தக் கணக்கில் பார்த்தால் ஒரு செருகலின் சராசரிச் செலவு, சுழற்சி மரங்களைப் போலவே, மரத்தின் உயரத்தோடு ஒத்துப்போகிறது.

நீக்கத்துக்கு விதி இன்னும் சோம்பேறித்தனமானது. எண்ணைச் சாதாரணமாக நீக்கிவிட வேண்டியது, அவ்வளவுதான். மரம் எட்டிய உச்ச எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே கணுக்கள் குறைந்துபோனால் மட்டும் மரம் முழுவதையும் ஒருமுறை கட்டி, உச்ச எண்ணிக்கையை இப்போதைய எண்ணிக்கைக்கு இறக்கிவிடுவார்கள். ஆயிரம் இருந்த மரம் 666ஆகும்போது இது நடக்கும். அதுவரை மரம் தேவைக்கு மேல் ஆழமாக இருக்குமே என்று பயப்பட வேண்டாம். ஆயிரம் கணுக்களுக்கு அனுமதித்த ஆழம் 17, 667 கணுக்களுக்கு 16. தாமதத்துக்குக் கொடுக்கும் விலை ஒரே ஒரு படி. எந்த அளவு மரத்துக்கும், எந்த ஆல்ஃபாவுக்கும் இது ஏறக்குறைய ஒரு படிதான். கணுக்கள் ஆல்ஃபா மடங்காகக் குறைந்தால் ஆழ வரம்பு சரியாக ஒன்று குறையும் என்பது கணக்கிலேயே இருக்கிறது.

எழுதும்போது தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. ஆழம் மீறியதா என்று பார்க்கும் வரிக்கும், பலிகடாவைத் தேடும் வரிக்கும் ஆல்ஃபா ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் 0.66 என்றும் மற்றோரிடத்தில் 0.67 என்றும் எழுதிவிட்டால், மீறல் என்று மணியடித்தபின் குற்றவாளி யாருமே அகப்படாத நிலை வரலாம். நிரல் வேரையும் தாண்டி வெறும் சுட்டியில் கால்வைத்து நின்றுபோகும். நாம் பார்த்த சிறிய உதாரணத்திலேயே மூன்று கணுக்கள் சரியாக மூன்றில் இரண்டில் நின்றன. பின்னத்தைத் தசமமாக மாற்றி ஒப்பிட்டால் இம்மாதிரி விளிம்புகளில் தடுமாற்றம் வரும். அதனால் பலர் வகுக்காமல் பெருக்கிவிடுகிறார்கள்: வந்த பக்கத்தின் மூன்று மடங்கு, மொத்தக் கிளையின் இரு மடங்கைத் தாண்டுகிறதா? இதில் தசமத்துக்கே வேலையில்லை.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. சராசரி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஏதோ ஒரு துரதிருஷ்டசாலி செருகலின் தலையில் முழு மரத்தையும் கட்டும் வேலை விழும். ஆயிரக்கணக்கான செருகல்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட, திடீரென்று ஒன்று மட்டும் மூச்சுவாங்கி நிற்கும். நேரங்களின் சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. மிக அதிக நேரம் எடுத்தவை எவை என்று தனியே பார்த்தால்தான் ஊசிமுனைகளாகத் துருத்திக்கொண்டு தெரியும். ஏறுவரிசையில் தகவல் கொட்டும் இடங்களில் இந்த முனைகள் அடிக்கடி வரும். ஆகவே சாதாரண எண்களையும் பெயர்களையும் அடுக்குவதற்குச் சிவப்பு-கறுப்பு மரமே மொழிகளின் நூலகங்களில் கோலோச்சுவது நியாயம்தான். தேடுவது அதிகம், செருகுவது குறைவு, கணுவுக்குக் கணு நினைவகத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற சூழலில்தான் அங்கே பலிகடா மரத்துக்கு வாய்ப்பு.

சுழற்றவே முடியாத மரங்கள் என்று ஒரு வகை இருக்கிறது. இந்த முறைக்குச் சொந்த வீடு அங்கேதான்.

1975இல் ஜான் பென்ட்லி வெளியிட்ட கே-டி மரம் அப்படிப்பட்டது. அது எண்களுக்குப் பதிலாக வெளியிலுள்ள புள்ளிகளை அடுக்குகிறது. வரைபடத்திலுள்ள இடங்கள், கேமராவுக்குத் தெரியும் பரப்புகள் என்று எதுவாகவும் இருக்கலாம். வேரில் கிழக்கு-மேற்கு அளவைக் கேட்கும்; அடுத்த படியில் வடக்கு-தெற்கு அளவு; அதற்கடுத்து மீண்டும் கிழக்கு-மேற்கு. ஒரு கணு என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை அது உட்கார்ந்திருக்கும் படிதான் தீர்மானிக்கிறது.

நான்கே புள்ளிகள் உள்ள மரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேரில் (5, 5). அது முதல் எண்ணைக் கேட்கிறது. இடப்பக்கம் (3, 2), வலப்பக்கம் (8, 1). (3, 2) கேட்பது இரண்டாவது எண்ணை. அதன் வலப்பக்கம் (2, 8) தொங்குகிறது. இப்போது (3, 2)ஐச் சுழற்றி மேலே கொண்டுவந்தால், (5, 5) அதன் வலப்பிள்ளையாகிவிடும். (2, 8) கை மாறி (5, 5)இன் இடப்பக்கம் போகும். (8, 1) முன்போலவே அதன் வலப்பக்கம் இருக்கும்.

புதிய வேர் எதைக் கேட்கும்? இருக்கும் படிக்கேற்ப முதல் எண்ணைக் கேட்டால், (2, 8)ஐத் தேடி வருபவரிடம் இரண்டு மூன்றைவிடச் சிறியது என்று சொல்லி இடப்பக்கம் அனுப்பும். அங்கே காலி. பழைய வழக்கப்படி இரண்டாவது எண்ணையே கேட்டால், (8, 1)ஐத் தேடுபவரிடம் ஒன்று இரண்டைவிடச் சிறியது என்று சொல்லி அவரையும் அதே காலியிடத்துக்கு அனுப்பும். இரண்டு வழியிலும் மரத்தில் இருக்கும் ஒரு புள்ளி ‘இல்லை’ என்றாகிவிடுகிறது. ஒரே அளவுகோல் உள்ள மரத்தில் எந்த ஒழுங்கையும் கெடுக்காத சுழற்சி, இரண்டு அளவுகோல்கள் வந்ததும் மரத்தையே பொய் சொல்ல வைக்கிறது.

பிரித்துக் கட்டுவதற்கு இந்தச் சிக்கல் கிடையாது. கிளையிலுள்ள புள்ளிகளையெல்லாம் கையில் எடுத்து, அந்தப் படிக்குரிய அளவுகோலில் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்துத் தலையாக்கி, அடுத்த படிக்கு அடுத்த அளவுகோல் என்று போனால் சட்டப்படியான மரம் வந்துவிடும். ஏறுவரிசை தானாகக் கிடைக்காது, ஒவ்வொரு படியிலும் நடுப்புள்ளியைத் தேட வேண்டும் என்பதால் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தங்கள் முறை கே-டி மரத்துக்குப் பொருந்தும் என்பதைக் கால்பெரினும் ரிவெஸ்டுமே அந்தக் கட்டுரையில் எடுத்துச் சொல்லியிருந்தார்கள்.

அந்த யோசனை ரோபோக்களின் உலகத்தில் நன்றாக வேர்விட்டது. 2021இல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் யிக்ஸி காய், வெய் சூ, ஃபூ ஜாங் மூவரும் ஐகேடி-ட்ரீ என்ற அமைப்பை வெளியிட்டார்கள். ட்ரோன்களும் தானியங்கி வண்டிகளும் லைடார் என்ற லேசர் கருவியால் சுற்றுப்புறத்தைத் துழாவி, ஒவ்வொரு நொடியும் ஏராளமான புள்ளிகளைச் சேகரிக்கின்றன. தான் எங்கே இருக்கிறேன் என்று அறிய, இப்போது கண்ட புள்ளிக்கு வரைபடத்தில் மிக அருகிலுள்ள புள்ளிகள் எவை என்று வண்டி ஓயாமல் தேட வேண்டும். கே-டி மரம் அதற்குக் கச்சிதம். ஆனால் வண்டி நகர்ந்துகொண்டே இருப்பதால் புதிய புள்ளிகள் எப்போதும் முன்பக்கத்திலிருந்துதான் வருகின்றன. ஏறுவரிசையில் வந்த எண்கள் மரத்துக்குச் செய்ததையே இவையும் செய்யும்.

ஐகேடி-ட்ரீ பலிகடா முறையை அப்படியே நகலெடுக்கவில்லை, தன் தேவைக்கு வளைத்துக்கொண்டது. ஒவ்வொரு கணுவும் தன் கிளையின் அளவை எழுதிவைத்திருக்கும். நீக்கிய புள்ளிகள் உடனே போகாமல் ‘செல்லாது’ என்ற முத்திரையோடு அப்படியே கிடக்கும். ஒரு கிளையின் ஒரு பக்கம் வரம்பைத் தாண்டிப் பெருத்தாலோ, செல்லாத புள்ளிகளின் பங்கு இன்னொரு வரம்பைத் தாண்டினாலோ அந்தக் கிளை பிரித்துக் கட்டப்படும். கட்டும்போது செல்லாதவை கழித்துக்கட்டப்படும்.

நடுவானில் பறக்கும் ட்ரோன், மரம் கட்டி முடியும்வரை காத்திருக்க முடியாது. பழைய பலிகடா மரத்தின் ஊசிமுனை நேரம் இங்கே உயிர்ப் பிரச்சினை. அதனால் சிறிய கிளைகளை அங்கேயே கட்டிவிட்டு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கிளைகளை மட்டும் இரண்டாவது இழையிடம் ஒப்படைக்கிறார்கள். அந்த இழை கிளையிலுள்ள செல்லுபடியான புள்ளிகளைப் பிரதி எடுத்துக்கொண்டு தனியே புதிய கிளையைக் கட்டும். அதற்குள் முதன்மை இழை பழைய கிளையிலேயே தேடலைத் தொடரும். இடையில் வரும் செருகல்களும் நீக்கங்களும் பழைய கிளையில் நடப்பதோடு ஒரு பதிவேட்டிலும் ஏறும். புதிய கிளை தயாரானதும் பதிவேட்டிலுள்ளவற்றை அதன்மேல் ஒன்றுவிடாமல் செய்து பார்த்து, பெற்றோர் கணுவின் சுட்டியைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவார்கள். பழைய கிளையின் நினைவகம் விடுவிக்கப்படும். அதே ஆய்வகத்தின் ஃபாஸ்ட்-லியோ2 என்ற வழிகாணும் மென்பொருள் தன் வரைபடத்தை வைத்திருப்பது இந்த மரத்தில்தான்.